திரைக்கு வெளியே போன பொத்தான்

கோவில்பட்டியிலிருந்து சித்தி போன் செய்தபோது இரவு ஒன்பதரை மணி இருக்கும். மகனின் கல்லூரி விடுதிக் கட்டணம் கட்ட மறுநாள்தான் கடைசி நாள். "ஏப்பா, எல்லாத்தையும் நிரப்பிட்டேன். கடைசியில ஒரு கட்டம் வந்து நிக்குது. கீழ போகவும் மாட்டேங்குது, மூடவும் முடியல. விரலை வச்சு இழுத்தா பின்னாடி இருக்கிற பக்கம்தான் ஓடுது" என்றார். திரையைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன்.

வந்த படத்தில் பெரிய பெரிய தமிழ் எழுத்துகளில் விடுதி விதிமுறைகள். முதல் வரியின் மேல்பாதி திரையின் விளிம்பில் அறுந்திருந்தது. கடைசி வரியின் கீழ்ப்பாதியும் அப்படியே. கட்டத்தின் தலைப்பும் இல்லை, மூடுவதற்கான பெருக்கல் குறியும் இல்லை, 'ஏற்கிறேன்' என்ற பொத்தானும் இல்லை. மூன்றும் அந்தக் கட்டத்தில் இருக்கத்தான் செய்தன. திரைக்கு வெளியே இருந்தன.

இணையப் பக்கங்கள் கட்டுவதுதான் என் வேலை. இப்படிப் பக்கத்தின்மேல் எழுந்து நின்று, பதில் சொல்லும்வரை வேறெதையும் தொடவிடாத பெட்டியை எங்கள் தொழிலில் மோடல் என்போம். பொதுவாகப் பாப்-அப் என்றால் எல்லோருக்கும் புரியும். பணம் கட்டுவது, ஓ.டி.பி. போடுவது, விதிமுறைக்குச் சம்மதம் சொல்வது என்று ஒரு காரியம் முடியும் இடத்தில்தான் பெரும்பாலும் அது வரும். அங்கே பொத்தான் கைக்கு எட்டாவிட்டால் அதுவரை நிரப்பியது எல்லாம் வீண். சித்தியின் பெட்டிக்கு என்ன ஆயிற்று என்று அன்றிரவே கணினியில் அதே பக்கத்தைத் திறந்து அளந்து பார்த்தேன்.

பிரவுசர் தன் கணக்கில் வைத்திருக்கும் அளவைப் பிக்சல் என்கிறது. இது போன் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் பிக்சல் எண்ணிக்கை அல்ல. சித்தியின் போன் திரை இந்தக் கணக்கில் 360 பிக்சல் அகலம். முகவரிப் பட்டை போக மிச்சமிருக்கும் உயரம் 640. பக்கத்தைக் கட்டியவர்கள் ஆங்கிலத்தில், வழக்கமான எழுத்தளவில் பார்த்தபோது பெட்டியின் உயரம் 560 இருந்திருக்கிறது. நன்றாகவே அடங்கியிருக்கும். தமிழுக்கு மாற்றினால் அதே விதிமுறைகள் கூடுதல் வரிகளுக்கு நீள்கின்றன. ஆங்கிலத்தில் `Submit` என்று ஆறு எழுத்தில் முடியும் பொத்தான் தமிழில் 'சமர்ப்பிக்கவும்' என்று திரையில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் கேட்கும். போதாததற்குக் கண்புரை அறுவைக்குப் பிறகு சித்தி போனில் எழுத்தளவைக் கூட்டி வைத்திருக்கிறார். இரண்டும் சேர்ந்து பெட்டி 820 பிக்சலுக்கு வளர்ந்துவிட்டது.

640 உயரத் திரையில் 820 உயரப் பெட்டி அடங்காது. அது ஒன்றும் பெரிய குற்றமில்லை. நீளமான பக்கத்தை நாம் தள்ளித் தள்ளித்தானே படிக்கிறோம்? இந்தப் பெட்டியைத் தள்ள முடியாமல் போனதற்குக் காரணம், அதை நடுவில் நிறுத்திய விதம். பல ஆண்டுகளாக எல்லோரும் எழுதிவரும் நான்கு வரிகள் இவை:

```css
.box {
  position: fixed;
  top: 50%;
  left: 50%;
  transform: translate(-50%, -50%);
}
```

முதல் வரி, பெட்டியைப் பக்கத்தில் வைக்காமல் திரைக் கண்ணாடியிலேயே ஒட்டிவிடு என்கிறது. அடுத்த இரண்டும் பெட்டியின் மேல் இடது மூலையைத் திரையின் நடுப்புள்ளிக்குக் கொண்டுவருகின்றன. கடைசி வரி, பெட்டியின் உயரத்தில் பாதி மேலேயும் அகலத்தில் பாதி இடதுபக்கமும் நகர்த்துகிறது. சித்தியின் திரையில் கணக்குப் போட்டால்: நடுப்புள்ளி 320. பெட்டியில் பாதி 410. 320-லிருந்து 410 மேலே போனால் பெட்டியின் தலை திரைக்கு மேலே 90 பிக்சலில் நிற்கிறது. கால் 730-இல், அதாவது திரைக்குக் கீழே 90 பிக்சலில். தலைப்பும் பெருக்கல் குறியும் மேல் 90-க்குள் போயின. பொத்தான் கீழ் 90-க்குள் போயிற்று. கண்ணாடியில் ஒட்டிய பொருள் பக்கத்தோடு நகராது. அதனால்தான் எவ்வளவு இழுத்தாலும் பின்னால் இருக்கும் பக்கம் மட்டும் ஓடியது.

சரி, கண்ணாடியில் ஒட்டாமல் பக்கத்திலேயே வைத்தால்? அப்போதும் முழுதாகத் தப்ப முடியாது. பிரவுசர் கீழே எவ்வளவு வேண்டுமானாலும் ஸ்க்ரோல் செய்ய விடும். பக்கம் தொடங்கும் இடத்துக்கு மேலே போக விடாது. தொடக்கத்துக்கு மேலே தள்ளப்பட்ட எதுவும் பார்க்கக் கிடைக்காது. இப்போது பலரும் பயன்படுத்தும் ஃப்ளெக்ஸ் முறையில் `align-items: center` என்று எழுதி நடுவில் நிறுத்தினாலும் இதே கதைதான். பெட்டி பெரிதானால் மேலும் கீழும் சரிசமமாக வழியும். கீழே வழிந்தது கிடைக்கும், மேலே வழிந்தது போயே போய்விடும். அதற்குப் பதில் பெட்டிக்கு `margin: auto` கொடுத்தால், இடம் இருக்கும்போது நடுவில் நிற்கும். இடம் போதாதபோது மேல் விளிம்பில் தொடங்கிக் கீழ்நோக்கி மட்டும் வழியும்.

அந்த நான்கு வரிகளில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. `left: 50%` என்றவுடன், பெட்டிக்கு மிச்சமிருக்கும் இடம் திரையின் வலது பாதி மட்டும்தான் என்று பிரவுசர் கணக்கிட்டுக்கொள்ளும். அகலம் தனியாகச் சொல்லப்படாத பெட்டி 360 பிக்சல் திரையில் 180-க்குமேல் விரியாது. ஒல்லியான பெட்டியில் எழுத்து மடங்கி மடங்கி உயரம் இன்னும் கூடும். போனில் சில பாப்-அப்கள் காரணமே இல்லாமல் ரிப்பன்போல் ஒடுங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

முதல் மருந்து உயர வரம்பு. பெட்டி எவ்வளவு வளர்ந்தாலும் திரையைத் தாண்டக் கூடாது, மிச்சம் உள்ளேயே ஸ்க்ரோல் ஆக வேண்டும். இதற்காகப் பலரும் `max-height: 100vh` என்று எழுதுவார்கள். `vh` என்பது திரை உயரத்தில் நூறில் ஒரு பங்கு. ஆனால் எந்தத் திரை உயரம்? போனில் பக்கத்தைக் கீழே தள்ளினால் முகவரிப் பட்டை ஒளிந்துகொள்ளும், மேலே இழுத்தால் மறுபடி வரும். பட்டை தெரியும்போது 640 என்றால் ஒளியும்போது 696. போன் பிரவுசர்கள் `100vh` என்பதைப் பட்டை ஒளிந்த பெரிய உயரமாகவே எடுத்துக்கொள்கின்றன. ஒவ்வொரு முறை பட்டை வந்து போகும்போதும் பக்கம் குதிக்கக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. விளைவு, பட்டை தெரியும் நேரத்தில் பெட்டியின் கடைசி 56 பிக்சல் திரைக்குக் கீழே போகும். விரலால் தொடும் பொத்தானின் உயரம் சுமார் 48 பிக்சல். மறைகிற பட்டை சரியாக ஒரு பொத்தானை விழுங்கிவிடுகிறது.

இதற்கென்றே பிறந்த அளவு `dvh`. பட்டை இருக்கும்போது சிறியதாகவும் இல்லாதபோது பெரியதாகவும், அந்தந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியும் உயரத்தைக் கொடுக்கும். சஃபாரி 2022 மார்ச்சில் 15.4 பதிப்பிலும், ஃபயர்ஃபாக்ஸ் அதே ஆண்டு 101-ஆம் பதிப்பிலும், குரோம் ஆண்டு இறுதியில் 108-ஆம் பதிப்பிலும் இதை ஏற்றன. அதற்கு முந்தைய போன்களுக்காக `vh` வரியை முதலிலும் `dvh` வரியை அடுத்தும் எழுதி வைப்போம். தெரியாத வரியைப் பழைய பிரவுசர் தாண்டிப் போய்விடும்.

வரம்பு போட்டாயிற்று. உள்ளே எது ஸ்க்ரோல் ஆக வேண்டும்? மொத்தப் பெட்டியும் ஸ்க்ரோல் ஆனால், விதிமுறைகள் முழுவதையும் தள்ளி முடித்த பிறகே பொத்தான் தெரியும். கீழே பொத்தான் இருக்கிறது என்பதே சித்தி போன்றவர்களுக்குத் தெரியாமல் போகலாம். அதனால் தலைப்பையும் பொத்தானையும் நிலையாக நிறுத்தி, நடுவிலுள்ள உரையை மட்டும் ஓடவிடுவது என் வழக்கம்:

```css
dialog {
  margin: auto;
  padding: 0;
  box-sizing: border-box;
  width: min(92vw, 480px);
  max-height: 90vh;
  max-height: 90dvh;
}
dialog[open], dialog form {
  display: flex;
  flex-direction: column;
  min-height: 0;
}
dialog .text {
  overflow-y: auto;
  overscroll-behavior: contain;
}
```

இதில் `form` என்ற சொல்லையும் `min-height: 0` என்ற வரியையும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நான் பார்த்த 'ஸ்க்ரோல் ஆகாத' பெட்டிகளில் பலவற்றில் கோளாறு இங்கேதான். நிரப்பும் படிவம் என்பதால் தலைப்பையும் உரையையும் பொத்தானையும் சேர்த்து ஒரு `form` உறைக்குள் போட்டிருப்பார்கள். வெளியே பெட்டிக்கு 576 பிக்சல் வரம்பு இருக்கும். ஆனால் இடையிலுள்ள உறை, 'என் உள்ளே இருப்பதைவிட நான் சுருங்க மாட்டேன்' என்று பிடிவாதமாக 820-இல் நிற்கும். ஃப்ளெக்ஸ் முறையில் அதுதான் இயல்புநிலை. உறையே சுருங்காதபோது அதற்குள்ளிருக்கும் உரைக்கு நெருக்கடியே வராது. நெருக்கடி வராவிட்டால் அது ஸ்க்ரோல் ஆகாது. `min-height: 0` என்பது அந்த உறைக்கு 'நீ சுருங்கலாம்' என்று அனுமதி கொடுக்கும் வரி. பெட்டிக்கும் உரைக்கும் இடையில் எத்தனை உறைகள் உண்டோ அத்தனைக்கும் இந்த அனுமதி வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

`dialog` என்பதும் புதுச்சொல்தான். பாப்-அப் பெட்டிக்கென்றே பிரவுசரில் உள்ள உறுப்பு இது. குரோமில் 2014-லேயே வந்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் சஃபாரியும் 2022 மார்ச்சில்தான் ஏற்றன. `showModal()` என்று அழைத்தால் பிரவுசர் இதைப் பக்கத்தின் எல்லா அடுக்குகளுக்கும் மேலான ஓர் அடுக்கில் தூக்கி வைக்கிறது, தானாகவே நடுவில் நிறுத்துகிறது, திரையைத் தாண்டாதபடி ஓர் உயர வரம்பும் ஸ்க்ரோலும்கூடக் கொடுக்கிறது. புதிதாகக் கட்டுபவர்கள் இதை விட்டுவிட்டுப் பழைய நான்கு வரிகளைத் தேடிப் போக இனிக் காரணமில்லை.

அப்படியும் பெட்டி ஓரமாய் ஒதுங்கி நிற்பதாகக் கேள்விப்பட்டால் இரண்டு இடங்களில் தேடுவேன். `dialog` நடுவில் நிற்பது `margin: auto` என்ற உள்ளமைந்த வரியால். பக்கத்தின் தொடக்கத்திலேயே எல்லா உறுப்புக்கும் `margin: 0` என்று துடைத்து எழுதுவது பலருடைய பழக்கம். டெயில்விண்ட் நான்காம் பதிப்பும் அப்படித்தான் துடைக்கிறது. துடைத்தவுடன் பெட்டி மேல் இடது மூலைக்குப் போய்விடும். மேலே என் நிரலில் `margin: auto` என்று மறுபடி எழுதியது அதற்காகத்தான். இன்னொன்று, `dialog` இல்லாத பழைய பெட்டிகளில் வருவது. பெட்டியைச் சுற்றியுள்ள ஏதாவது ஒரு பகுதிக்கு `transform` அல்லது `filter` கொடுத்திருந்தால், 'திரையில் ஒட்டு' என்பது 'அந்தப் பகுதியில் ஒட்டு' என்று மாறிவிடும். பக்கம் வழுக்கிக்கொண்டு வரட்டும் என்று யாரோ ஓர் அசைவு சேர்த்திருப்பார்கள். அன்றிலிருந்து எங்கோ இருக்கும் பாப்-அப் திரையின் நடுவை விட்டு நழுவும். பெட்டியின் வரிகளை எவ்வளவு திருத்தினாலும் தீராது. பெட்டியை அந்தப் பகுதியிலிருந்து வெளியே எடுத்தால்தான் தீரும்.

இனிப் பின்னால் ஓடும் பக்கம். பெட்டிக்குள் விரலால் தள்ளித் தள்ளி உரையின் முடிவுக்கு வந்ததும், மிச்சமிருக்கும் தள்ளலைப் பிரவுசர் பின்னால் உள்ள பக்கத்துக்குக் கொடுத்துவிடுகிறது. உச்சியில் இருக்கும்போது விரலைக் கீழ்நோக்கி இழுத்தால் சில போன்களில் பக்கமே மறுபடி ஏறத் தொடங்கிவிடும். நிரப்பிய படிவம் காலி. `overscroll-behavior: contain` என்ற வரி அந்தத் தள்ளலைப் பெட்டியோடு நிறுத்துகிறது. பெட்டிக்கு வெளியே தொட்டு இழுப்பவர்களை அது தடுக்காது. `showModal()` பின்னால் உள்ளதைத் தொடவிடாமல் செய்யுமே தவிர, ஸ்க்ரோலை நிறுத்தாது. அதற்குத் தனிப் பூட்டு வேண்டும்:

```css
html:has(dialog[open]) {
  overflow: hidden;
}
```

பெட்டி திறந்திருக்கும்வரை பக்கம் நகராது. மூடியதும் பூட்டு தானே விலகும். முன்பெல்லாம் திறக்கும்போது ஒரு நிரல், மூடும்போது ஒரு நிரல் என்று எழுதுவோம். மூடும் நிரல் ஓடாமல் போனால் பெட்டி மறைந்த பிறகும் பக்கம் உறைந்து கிடக்கும். இந்த முறையில் அந்த ஆபத்து இல்லை. பூட்டை `body`-க்குப் போடாமல் `html`-க்குப் போட்டதிலும் காரணம் உண்டு. பக்கவாட்டில் ஆடாமலிருக்க `html`-க்கு ஏற்கெனவே `overflow-x: hidden` கொடுத்திருந்தால், `body`-க்குப் போடும் பூட்டு திரைக்குப் போய்ச் சேராது.

பழைய ஐபோன்கள் இந்தப் பூட்டை மதிப்பதில்லை. அவற்றுக்காக, பக்கம் எவ்வளவு தூரம் தள்ளப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்துக்கொண்டு, `body`-ஐ `position: fixed` என்று ஒட்டி, குறித்த தூரம் மேலே தூக்கி வைப்போம். மூடும்போது ஒட்டை எடுத்துவிட்டு அதே தூரத்துக்கு ஸ்க்ரோல் செய்வோம். குறித்துக்கொள்ள மறந்தால், பெட்டியை மூடியவுடன் பக்கம் உச்சிக்குக் குதித்துவிடும். படிவத்தின் நாற்பதாவது கட்டத்தில் இருந்தவர் முதல் கட்டத்தில் நிற்பார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உயர வரம்பு போடாத பெட்டிக்குப் பூட்டு மட்டும் போடாதீர்கள். பக்கத்தோடு சேர்ந்து ஓடும் பெட்டியாக இருந்தால், பின்பக்கத்தை இழுத்தாவது பொத்தானை எட்டலாம். பூட்டிவிட்டால் அந்த வழியும் அடைபடும். முதலில் வரம்பு, பிறகு உள்ளே ஸ்க்ரோல், கடைசியில்தான் பூட்டு.

கீபோர்டு எழும்பும்போது இன்னொரு சிக்கல். ஐபோனிலும், 108-ஆம் பதிப்பு முதல் ஆண்ட்ராய்டு குரோமிலும், கீபோர்டு வந்தால் பக்கத்தின் அளவு சுருங்குவதில்லை, `dvh`-உம் சுருங்காது. கீழே நிலையாக நிறுத்திய பொத்தான் கீபோர்டுக்குப் பின்னால் போய்விடும். குரோமுக்கு, பக்கத்தின் தலையில் உள்ள `viewport` வரியில் `interactive-widget=resizes-content` என்று சேர்த்தால் பக்கமும் சுருங்கும். ஐபோனுக்கு `visualViewport` தரும் உயரத்தைப் படித்து நாமே பெட்டியைச் சுருக்க வேண்டியிருக்கிறது.

சோதிக்கப் பத்து போன் வாங்க வேண்டாம். கணினியில் பிரவுசர் சாளரத்தை 1280 அகலம், 1024 உயரம் என்று வைத்து 400 சதவீதம் பெரிதாக்கினால், பக்கத்துக்குக் கிடைப்பது 320-க்கு 256 பிக்சல். இணைய அணுகல் நெறிகளான டபிள்யு.சி.ஏ.ஜி. 2018-இல் 2.1 பதிப்பில் வைத்த அளவும் இதுதான். அந்த அளவில் பெட்டியைத் திறந்து, தலைப்பு, பெருக்கல் குறி, பொத்தான் மூன்றையும் எட்ட முடிகிறதா என்று பாருங்கள். என் முறையே அங்கே திணறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 256 உயரத்தில் பெட்டிக்கு 230 கிடைக்கிறது. நிலையான தலைப்பும் பொத்தான் வரிசையும் அதில் 130-ஐ எடுத்துக்கொண்டால் படிக்க நூறு பிக்சல்தான் மிச்சம். அதனால் உயரம் 400-க்குக் கீழே போனால் மட்டும் மொத்தப் பெட்டியையும் ஒன்றாக ஸ்க்ரோல் ஆகும்படி மாற்றிவிடுவேன். சோதனை ஆங்கிலத்தில் முடிந்தால் போதாது. தமிழ் உரையைப் போட்டு, எழுத்தளவைக் கூட்டி, மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும்.

சித்திக்கு அன்றிரவு இதில் எதையும் சொல்லவில்லை. குரோமில் மேலே உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு, 'டெஸ்க்டாப் சைட்' என்பதில் டிக் போடச் சொன்னேன். அப்படிச் செய்தால் பிரவுசர் தன் அகலத்தை 360-க்குப் பதில் சுமார் 980 என்று வைத்துக்கொள்கிறது. அதே விகிதத்தில் உயரம் 1700-க்குமேல் போகிறது. பெட்டி அதற்குள் முழுதாக அடங்கிவிடும். எழுத்து பொடியாகத் தெரியும், இரண்டு விரலால் பெரிதாக்கிக்கொள்ளலாம். பக்கம் மறுபடி ஏறியதால் எல்லாவற்றையும் திரும்ப நிரப்ப வேண்டியதாயிற்று. பத்தரை மணிக்குக் கட்டணம் போய்ச் சேர்ந்தது.

நீங்களும் இப்படி மாட்டிக்கொண்டால் இதையே செய்யுங்கள். போனைப் படுக்கவைத்துப் பார்க்காதீர்கள், உயரம் இன்னும் குறைந்துவிடும். காரியம் முடிந்ததும், அந்தப் பக்கத்தின் உதவி முகவரிக்குத் திரைப் படத்தோடு மூன்று விவரங்களை எழுதி அனுப்புங்கள்: எந்த போன், எந்த பிரவுசர், எழுத்தளவைக் கூட்டியிருக்கிறீர்களா. கட்டியவர்களின் போனில் அந்தப் பெட்டி சரியாகத்தான் தெரிகிறது. உங்கள் போனில் தெரிவதை நீங்கள் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியும்.